கையில் குத்திய பெரியம்மை

வணக்கம். தடுப்பூசி வருவதற்கு முன்பே, பெரியம்மை நோயாளியின் கொப்புளச் சீழை எடுத்து நல்ல உடம்பில் குத்தியிருக்கிறார்கள் என்று படித்தேன். அதே நோயைத்தானே கொடுக்கிறார்கள், எப்படிப் பிழைத்தார்கள்? அப்படி ஒரு வழி இருந்தபோது, தடுப்பூசியைக் கொண்டுவந்த ஆங்கில மருத்துவர் ஜென்னர் புதிதாக என்ன செய்துவிட்டார்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆமாம், கொடுத்தது அதே நோயைத்தான். வித்தியாசம் அது நுழைந்த வழியில் இருந்தது. பெரியம்மை பொதுவாக மூச்சு வழியாக வரும். காய்ச்சல் தொடங்கப் பன்னிரண்டு நாள் போலாகும், அதற்குள் கிருமி உள்ளுக்குள் நன்றாகப் பெருகிவிடும். தோலைக் கீறி வைத்தால் அது முதலில் அந்த இடத்திலேயே கொப்புளமாகக் கிளம்பும், எட்டாம் நாள் வாக்கில் காய்ச்சல் வரும். கிருமி உடம்பெங்கும் பரவுவதற்குள் எதிர்ப்பு விழித்துக்கொள்கிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். முகமெல்லாம் மூடிப்போகிற அளவுக்குக் கொப்புளங்கள் கிளம்பாமல், பலருக்கு எண்ணிவிடக்கூடிய அளவில் நின்றுவிடும்.

இதன் பலன் எண்ணிக்கையாகப் பதிவான முதல் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் பாஸ்டன். 1721இல் கப்பலோடு வந்த நோய், சுமார் 11,000 பேர் இருந்த ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. 840 பேருக்கு மேல் இறந்தார்கள், அதாவது நோய் கண்டவர்களில் ஏழில் ஒருவர். தன் நாட்டில் இப்படிக் குத்துவார்கள் என்று அங்கே காட்டன் மேதர் என்ற பாதிரியாருக்குச் சொன்னவர் ஒனெசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. ஆனால் புகழ் பாதிரியாருக்குத்தான் போனது. மேதர் மருத்துவர்களுக்கு எழுதினார். துணிந்தவர் சப்டியல் பாய்ல்ஸ்டன் ஒருவர்தான். ஜூன் மாதத்தில் தன் ஆறு வயது மகனுக்கும், வீட்டிலிருந்த ஒரு அடிமைக்கும் அவருடைய சின்னப் பையனுக்கும் குத்தினார். மூவரும் தேறினார்கள். அந்தக் கொள்ளைநோய் முடிவதற்குள் அவர் குத்தியவர்கள் ஏறக்குறைய 250 பேர், இறந்தவர்கள் 6 பேர். நாற்பதில் ஒருவர்.

ஊர் அவரைக் கொண்டாடவில்லை. மேதர் வீட்டு ஜன்னல் வழியாக வெடிகுண்டு எறிந்தார்கள். எறிந்தது தப்புதான், ஆனால் எதிர்த்தவர்களின் பயத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. குத்திக்கொண்டவருக்கு வருவது லேசான பெரியம்மை, ஆனால் பெரியம்மையேதான். அவர் அருகில் மூச்சு விட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவது லேசானதாக இருக்காது, முழு நோயாக இருக்கும். குத்திக்கொண்டவருக்கு நாற்பதில் ஒன்று ஆபத்து, அவரிடமிருந்து வாங்கிக்கொள்பவருக்கு ஏழில் ஒன்று. ஊரே ஒரே நேரத்தில் குத்திக்கொண்டால் சரி, இல்லையென்றால் குத்தியவரைப் பல நாட்கள் தனியே பூட்டி வைக்க வேண்டும். எட்டு வயதில் ஜென்னருக்கே அப்படித்தான் நடந்தது. பட்டினி, பேதி மருந்து, ரத்தம் வடித்தல் எல்லாம் முடிந்து, குத்திய மற்றவர்களோடு ஒரு லாயத்தில் அடைத்துப் போட்டார்கள்.

ஜென்னர் உடைத்தது இந்த முடிச்சைத்தான். பால் கறப்பவர்களின் கையில் வரும் மாட்டம்மை கொப்புளத்தைத் தொட்டால்தான் ஒட்டும், மூச்சில் பரவாது. அது வந்தவர்களைப் பெரியம்மை அண்டாது என்று கிராமங்களில் பேச்சு இருந்தது. 1796 மே 14 அன்று, சாரா நெல்ம்ஸ் என்ற கறவைப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்து, எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் இரண்டு சின்னக் கீறல்களில் வைத்தார். ஏழாம் நாள் அக்குளில் வலி, ஒன்பதாம் நாள் குளிரும் தலைவலியும், மறுநாள் பையன் எழுந்துவிட்டான். ஜூலை 1 அன்று அதே பையனுக்கு நிஜமான பெரியம்மைச் சீழைக் குத்திப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பழைய முறையே புதியதற்குச் சோதனையாக நின்றது. இன்று எந்த மருத்துவ அறக்குழுவும் இதற்கு அனுமதி தராது.

அப்புறமும் கதை முடியவில்லை. மாட்டம்மை எப்போதும் கிடைக்காது. அதனால் ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்தில் எட்டாம் நாள் ஊறும் அம்மைப்பாலை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினார்கள், இப்படிக் கைக்குக் கை போயிற்று. முதல் குழந்தைக்கு வேறு நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும். 1861இல் இத்தாலியின் ரிவால்ட்டாவில் ஒரே குழந்தையிலிருந்து தொடங்கிய சங்கிலியில் நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மேகநோய் வந்தது. கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து எடுக்கும் முறை பரவியதற்கு இந்த அச்சம் ஒரு பெரிய காரணம். பிறகு அதில் கிளிசரின் கலந்து வைத்தார்கள். நாளாக ஆக மற்ற நுண்ணுயிர்கள் மடிந்தன, அம்மைக் கிருமி தாக்குப்பிடித்தது. பெரியம்மைச் சீழையே குத்தும் பழைய முறையைப் பிரிட்டன் 1840இலேயே தடை செய்திருந்தது, கைக்குக் கை குத்துவதை நிறுத்த 1898 ஆயிற்று.

இன்னொரு வேடிக்கை. 1939இல் சோதித்துப் பார்த்தபோது, தடுப்பூசிக் குப்பியில் இருந்த கிருமி மாட்டம்மையே அல்ல, அதன் வேறொரு உறவுக்காரக் கிருமி என்று தெரிந்தது. இடையில் எந்தக் கையில் எப்போது ஆள் மாறியது என்பதற்கு யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.