லீஸில் பேனாத் திருத்தம் இருந்தால் எங்கே பார்க்க வேண்டும்

கேள்வி: அண்ணா, நானும் மனைவியும் டொரோண்டோ வந்து இரண்டு மாதம்தான். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் சரிவந்திருக்கிறது. வீட்டுக்காரர் அச்சடித்த லீஸில் 1,650 டொலரை வெட்டி 1,600 என்று எழுதி, தொடங்கும் தேதியை செப்டெம்பர் 1இலிருந்து 15 ஆக்கி, ஓரத்தில் ஹைட்ரோ 30% என்றும் எழுதி, தன்னுடைய இனிஷியலைப் போட்டுத் தந்திருக்கிறார். இப்படி வெட்டித் திருத்தின காகிதம் செல்லுமா? சைன் பண்ணலாமா?

பதில்: செல்லும் தம்பி. பேனாவால் திருத்தியதற்காக ஒரு லீஸ் செல்லாமல் போகாது. அச்சில் இருப்பதும் கையால் எழுதியதும் முரண்பட்டால், கையால் எழுதியதுதான் இரு தரப்பும் பேசி முடிவெடுத்தது என்று பார்ப்பதே பொதுவான வழக்கம். ஆனால் அது உங்களுக்கு உதவ வேண்டுமானால், எழுதியது தெளிவாக இருக்க வேண்டும், எல்லோரும் ஒத்துக்கொண்டது தெரிய வேண்டும், மற்றப் பக்கங்களோடு மோதக் கூடாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மோதுகிற இடம் உங்கள் லீஸில் இருக்க நிறையச் சாத்தியம். அதனால் இப்போதே சைன் பண்ண வேண்டாம்.

முதலில் வாடகை. ஒண்டாரியோ அரசின் ஸ்டாண்டர்ட் லீஸ் படிவத்தில், 5ஆம் பிரிவில் வாடகை ஒரே ஒரு இடத்தில் இல்லை. அடிப்படை வாடகைக்கு ஒரு வரி, பார்க்கிங்குக்கு ஒரு வரி, மற்றச் சேவைகளுக்கு வரிகள், கடைசியில் மொத்த வாடகை. முதல் வரியை 1,600 ஆக்கிவிட்டு மொத்தத்தில் 1,650ஐ அப்படியே விட்டிருப்பார்கள், அநேகமாக இதுதான் நடக்கும். அப்புறம் 8ஆம் பிரிவில் டெபாசிட். கடைசி மாத வாடகைக்காக வாங்கும் அந்தத் தொகை ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அங்கே 1,650 நின்றால் 50 டொலர் கூடுதல். அது மட்டுமல்ல, நாளைக்குத் தகராறு வந்தால் '1,650 என்றுதான் பேசினோம், அடிப்படை வரியில் எழுதியது வேறு விஷயம்' என்று சொல்ல வழி கொடுக்கும். எனவே ஒரு எண் மாறியிருந்தால், பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முழு லீஸையும் தேடுங்கள். 1,650 எங்கெல்லாம் அச்சாகியிருக்கிறதோ அங்கெல்லாம் திருத்தம் வேண்டும்.

தேதியில் இன்னும் சிக்கல். தொடக்கம் 15ஆம் தேதி, வாடகை கட்டும் நாள் ஒவ்வொரு மாதமும் முதலாம் தேதி என்றால், முதல் மாதம் அரைகுறை மாதம் ஆகிவிடும். அதற்காகவே 5ஆம் பிரிவில் ஒரு இடம் இருக்கிறது: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் எவ்வளவு கட்டுவது என்று. வெறுமையாக விட்டிருந்தால் செப்டெம்பருக்கு முழு வாடகையா, பாதியா என்ற சண்டை நிச்சயம். 15 முதல் 30 வரை 16 நாள், 1,600ஐ 30ஆல் வகுத்து 16ஆல் பெருக்கினால் 853 டொலர் 33 சதம். அந்தத் தொகையை அந்த இடத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து 4ஆம் பிரிவில் முடிவுத் தேதி. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31 என்று அச்சாகியிருந்தால் உங்கள் லீஸ் ஒரு வருடத்துக்கு இரண்டு வாரம் குறைவு. அது பிழை என்றில்லை, பேசியது அதுதானா என்று கேளுங்கள். முடிவுத் தேதி வந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பொருளில்லை, ஒண்டாரியோவில் அது தானாக மாதாமாதம் தொடரும்.

ஹைட்ரோ என்று இங்கே கரண்டைச் சொல்வார்கள், அதுதான் எனக்குப் பிடிக்காத திருத்தம். '30%' என்று ஓரத்தில் எழுதினால் எதன் 30? கரண்ட் பில் மட்டுமா, தண்ணீரும் சூடாக்கும் கேஸும் சேர்ந்ததா? 6ஆம் பிரிவில் கரண்ட், சூடாக்கல், தண்ணீர் மூன்றுக்கும் வீட்டுக்காரர் பொறுப்பா, குடியிருப்பவர் பொறுப்பா என்று தனித்தனிப் பெட்டிகள் உண்டு. அங்கே 'வீட்டுக்காரர்' என்று டிக் இருந்து ஓரத்தில் 30% என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். ஓரக் குறிப்பை வெட்டிவிட்டு, விவரம் எழுதும் இடத்தில் முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்: வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லில் 30 சதவீதம் குடியிருப்பவர் கட்டுவார், பில்லின் பிரதி காட்டப்படும், தண்ணீரும் கேஸும் வாடகையில் அடங்கும். எது அடங்குகிறது என்பதை நீங்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். டிக்கும் அதற்கேற்ப மாற வேண்டும்.

வெட்டும் முறையும் முக்கியம். ஒரே நேர்கோடு, கீழே இருக்கும் பழைய எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 5க்கு மேலேயே 0 எழுதியிருந்தாலோ, வெள்ளை மை தடவியிருந்தாலோ, கிறுக்கி மறைத்திருந்தாலோ அதை ஏற்க வேண்டாம். முன்பு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நடுவில் சொல் சேர்த்திருந்தால் எந்தச் சொல்லுக்குப் பின் என்று கூரை போன்ற ^ குறி போட்டிருக்க வேண்டும்.

இனிஷியல் விஷயத்தில் அவருடையது மட்டும் இருந்தால் போதாது. லீஸில் பெயர் இருக்கும் எல்லோரும், உங்கள் பக்கம் நீங்களும் மனைவியும், அந்தப் பக்கம் வீட்டுக்காரரும் வேறு உரிமையாளர் பெயர் இருந்தால் அவரும், ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் போட வேண்டும். பக்கத்தின் அடியில் போடுவது வேறு. அது அந்தப் பக்கத்தைப் பார்த்தோம் என்று மட்டும் சொல்லும். பிறகு யாராவது நடுவில் ஒரு வரி சேர்த்தால், அது முதலே இருந்ததா என்று அந்த அடி இனிஷியல் காட்டாது. பக்கத்தில் தேதியும் எழுதினால் நல்லது. நம்மவர்கள் அப்பா பெயர் முதலெழுத்தோடு போட்டுப் பழகியிருப்போம், இங்கே லீஸில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதற்கேற்ற எழுத்துகளையே எல்லா இடத்திலும் போடுங்கள்.

பார்க்கும் முறை சுலபம். வீட்டுக்காரர் பிரதியையும் உங்கள் பிரதியையும் பக்கத்தில் வைத்து, ஒருவர் கையால் எழுதியதை மட்டும் வாசிக்க, மற்றவர் மற்றப் பிரதியில் பார்க்கட்டும். ஒரு பிரதியில் 15 என்றும் மற்றதில் 1 என்றும் இருப்பது அபூர்வமல்ல. சைன் பண்ணியதும் அங்கேயே ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். முழுப் பிரதி சைன் பண்ணி 21 நாளுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும்.

சில விஷயங்களை எத்தனை இனிஷியல் போட்டாலும் சட்டம் ஏற்காது. சேத டெபாசிட் 500 என்றோ, விருந்தாளி தங்கக் கூடாது என்றோ பேனாவால் சேர்த்திருந்தால் அது செல்லாது. 15ஆம் பிரிவில் படிவமே இதைச் சொல்கிறது. இருந்தும் வெட்டிவிடச் சொல்லுங்கள், பின்னால் வாதாட வேண்டாமே.

உங்கள் விஷயத்தில் மொத்தம், டெபாசிட், அரை மாதம், கரண்ட் டிக் எல்லாவற்றையும் சேர்த்தால் பேனா வேலை அதிகம். புதிதாக அச்சடிக்கச் சொல்வதே நல்லது. படிவம் அரசின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது, கணினியிலேயே நிரப்பலாம். வீட்டுக்காரர் நேரமில்லை என்றால் நீங்களே நிரப்பி அனுப்புங்கள், 'அண்ணை, பேசினபடி போட்டிருக்கிறேன், பாருங்கோ' என்று ஒரு மெசேஜோடு. பழைய தாளைக் கிழிக்காமல், குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி இரு தரப்பும் இனிஷியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை டெபாசிட் காசைக் கொடுக்காதீர்கள்.