விகிதாசாரத் தேர்தலில் இடங்களை எப்படிப் பங்கிடுகிறார்கள்?

கேள்வி: விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்றால் என்ன? ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கும் முறைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கட்சி வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற அளவில் இடம் கொடுப்பதுதான் விகிதாசாரம். மற்ற முறையில் எத்தனை ஓட்டு என்பதைவிட, அவை எந்தத் தொகுதியில் விழுந்தன என்பதே முக்கியம். 2024 பிரிட்டன் தேர்தலில் ரிஃபார்ம் கட்சிக்கு 14 சதவீத ஓட்டு, 5 இடம். லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 12 சதவீதம்தான், ஆனால் 72 இடம். முதல் கட்சியின் ஓட்டு நாடெங்கும் சிதறிக் கிடந்தது, இரண்டாவதன் ஓட்டு சில பகுதிகளில் குவிந்திருந்தது.

விகிதாசாரத்தில் ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். ஒரு லட்சம் ஓட்டு, 5 இடம் என்று வைத்துக்கொள்வோம். அ கட்சி 46,000, ஆ 29,000, இ 17,000, ஈ 8,000. பல நாடுகளில் இருக்கும் டி'ஹோண்ட் முறைப்படி ஒவ்வொரு கட்சியின் ஓட்டையும் 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போய், கிடைக்கும் எண்களில் பெரிய ஐந்தை எடுப்பார்கள். 46,000 (அ), 29,000 (ஆ), 23,000 (அ), 17,000 (இ), 15,333 (அ). ஆக அ கட்சிக்கு 3, ஆவுக்கு 1, இக்கு 1. இதே ஓட்டு விகிதம் ஐந்து தனித்தனித் தொகுதிகளிலும் அப்படியே இருந்திருந்தால், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கும் முறையில் ஐந்துமே அ கட்சிக்குப் போயிருக்கும்.

ஈ கட்சியைக் கவனியுங்கள். 8 சதவீதம் வாங்கியும் கையில் ஒன்றுமில்லை. இதே ஓட்டுக்கு இடங்களைக் கூட்டிக்கொண்டே போனால், பதினோராவது இடம்தான் அதற்கு வரும். அதனால் ஒரு நாட்டில் விகிதாசாரம் என்று சொன்னதும் நான் முதலில் பார்ப்பது, ஒரு தொகுதிக்கு எத்தனை இடம் என்பதைத்தான்.

அப்புறம், இடப் பங்கீட்டில் சேர ஒரு கட்சி வாங்க வேண்டிய குறைந்தபட்ச ஓட்டு வரம்பு. ஜெர்மனியில் இது 5 சதவீதம். துருக்கியில் 2002இல் 10 சதவீதமாக இருந்தது. அந்தத் தேர்தலில் இரண்டே கட்சிகள்தான் வரம்பைத் தாண்டின. மற்ற கட்சிகளுக்கு விழுந்த ஓட்டு, மொத்தத்தில் ஏறக்குறைய 45 சதவீதம், இடப் பங்கீட்டிலேயே சேரவில்லை. 34 சதவீதம் வாங்கிய ஏ.கே. கட்சிக்கு 550இல் 363 இடம் கிடைத்தது. 2024இல் பிரிட்டன் லேபர் கட்சியும் 34 சதவீதத்தை ஒட்டித்தான் வாங்கியது, 650இல் 411 இடம். பெயருக்கு விகிதாசாரம், விளைவு பிரிட்டனையே மிஞ்சிவிட்டது!

நெதர்லாந்து இதற்கு நேர்மாறு. நாடு முழுவதும் ஒரே தொகுதி மாதிரி, 150 இடம். ஒரு சதவீதம்கூட வேண்டாம், 0.67 இருந்தால் ஒரு உறுப்பினர் உள்ளே. ஆனால் எந்தக் கட்சியும் தனித்துப் பெரும்பான்மை பெறாது. 2021 மார்ச்சில் தேர்தல் முடிந்தும், கூட்டணி பேசி முடித்து அரசு பதவியேற்க 2022 ஜனவரி ஆகிவிட்டது.