உயிரின் மேல் வினை ஒட்டுவது பற்றி

கேள்வி: சமணத்தில் வினை என்பது உண்மையிலேயே ஒரு பொருள் என்கிறார்களே, உருவமே இல்லாத உயிரின் மேல் அது எப்படி ஒட்டும்? ஒட்டியதை எப்படிக் கழற்றுவது?

நான் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் மரபு திகம்பரம். ஆகவே கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரத்தையும் அதற்குப் பூஜ்யபாதர் எழுதிய உரையையும் ஒட்டியே இருக்கும்.

ஆம், வினை ஒரு பொருள்தான். மற்ற இந்திய மரபுகளில் வினை என்பது செயலையோ அதன் பயனையோ குறிக்கும். சமணத்தில் அது புத்கலம், அதாவது கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத நுண்ணிய அணுத்திரள். உலகம் முழுவதும் அது நிறைந்து கிடக்கிறது. மனம், சொல், உடல் ஆகியவற்றின் ஒவ்வோர் அசைவிலும் உயிர் அதிர்கிறது. அந்த அதிர்வுக்கு யோகம் என்று பெயர். அதிரும்போது அருகிலுள்ள திரள் உயிரை நோக்கி வருகிறது. தமிழ்ச் சமண நூல்கள் இந்த வரவை ஊற்று என்கின்றன.

உருவமில்லாத ஒன்றில் உருவமுள்ளது எப்படி ஒட்டும் என்ற உங்கள் ஐயத்துக்கு மரபு தரும் விடை, தூய உயிரில் வினை ஒட்டிய முதல் நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதாகும். சுரங்கத்திலிருந்து எடுக்கும் பொன் தாதுவில் பொன்னும் கசடும் சேர்ந்தே கிடப்பதைப் போல, உயிரும் வினையும் தொடக்கமில்லாத காலமாகச் சேர்ந்தே இருக்கின்றன. பழைய வினைகளாலான கார்மண சரீரம் என்னும் நுண்ணுடலோடு கூடிய உயிரில்தான் புதிய வினை ஒட்டுகிறது. பருப்பொருள் அறிவைப் பாதிக்குமா என்று கேட்பவர்களுக்குக் கள் குடித்தவனைக் காட்டுவார்கள். கள் ஒரு பொருள், தெளிவு ஓர் அறிவுநிலை. ஆனாலும் முன்னது பின்னதைக் கெடுப்பதை யாரும் மறுப்பதில்லை.

ஆனால் வருவதெல்லாம் ஒட்டிக்கொள்வதில்லை. ஈர மண்ணுருண்டை ஒன்றையும் காய்ந்த மண்ணுருண்டை ஒன்றையும் சுவரில் எறிந்தால், ஈரமானது அப்பிக்கொள்ளும். காய்ந்தது பட்டவுடன் விழுந்துவிடும். உத்தராத்யயன சூத்திரத்தில் வரும் உவமை இது. அந்த ஈரத்தின் பெயர் கஷாயம்: சினம், செருக்கு, வஞ்சனை, பேராசை என்னும் நான்கு. எவ்வளவு வினை வருகிறது, எந்த வகையாக அமைகிறது என்பதை யோகம் முடிவு செய்கிறது. எவ்வளவு காலம் தங்கும், எவ்வளவு கடுமையாகப் பயன் தரும் என்பதைக் கஷாயம் முடிவு செய்கிறது. இந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும் என்பது என் அனுபவம்.

வயல் வரப்புத் தகராறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டார். சத்தம் போடும் நால்வரின் சினம் வெளிப்பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். நூல் அவற்றை நான்காகப் பிரிக்கிறது. ஒருவருடையது நீரில் கிழித்த கோடு, அதன் தடம் ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிடத்துக்குள், மறைந்துவிடும். மற்றொருவருடையது புழுதியில் கிழித்த கோடு, 15 நாள் வரை இருக்கும். மூன்றாமவருடையது நிலத்தில் பிளந்த வெடிப்பு, 6 மாதம் வரை ஆறாது. நான்காமவருடையது கல்லில் வெட்டிய கோடு. வரப்பைச் சரிசெய்து கொடுத்த பிறகும், பேரன் காலத்துக் கல்யாணத்தில்கூட முகம் பார்க்க விடாது, பிறவி தாண்டியும் தொடரும். எவ்வளவு உரக்கக் கத்தினார் என்பதை வைத்து வகை சொல்ல முடியாது. தடம் எத்தனை நாள் இருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். கல்வெட்டுச் சினம் இருக்கும்வரை, மெய்ப்பொருளில் உறுதியான நம்பிக்கையாகிய நற்காட்சி என்னும் முதல் படியே வாய்க்காது.

இனி, கழற்றுவது. ஓட்டைப் படகில் நீர் ஏறினால் முதலில் ஓட்டையை அடைத்துவிட்டுப் பிறகுதான் இறைக்க வேண்டும். அடைப்பது செறிப்பு, இறைப்பது உதிர்ப்பு. வினை தன் காலம் முடிந்து பயன் தந்து தானே உதிர்வதும் உண்டு. அது எல்லா உயிருக்கும் நாள்தோறும் நடக்கிறது, ஆனால் அந்தப் பயனை அனுபவிக்கும்போதே விருப்பு வெறுப்பால் புதியது ஏறிக்கொள்கிறது. தவத்தால் உதிர்ப்பது வேறு வகை. மாங்காய் மரத்திலேயே பழுப்பதற்கும், பறித்துப் பழுக்க வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உரைகாரர் இங்கே சொல்கிறார். செறிப்பு இல்லாமல் பட்டினி மட்டும் கிடந்தால், அடைக்காத படகில் நீர் இறைத்த கதைதான். நோன்பிருந்ததைப் பற்றிப் பெருமை பேசுவோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படகுதான் நினைவுக்கு வரும். செருக்கும் நான்கு ஈரங்களில் ஒன்றல்லவா?

இந்தப் பாதையில் பலரும் கவனிக்காத ஒரு சரிவு உண்டு. எங்கள் பாட்டி வீட்டில் கலங்கிய நீர் வந்தால் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வைப்பார். சற்று நேரத்தில் மேல்நீர் பளிங்காகத் தெளிந்துவிடும். அவசரத்தில் செம்பைச் சற்று ஆழமாக விட்டால் மறுபடியும் கலங்கிவிடும். பின்னாளில் பூஜ்யபாதரின் உரையில் இதே தேற்றாங்கொட்டை உவமையாக வருவதைப் பார்த்து வியந்தேன். மோகனீயம் என்னும் மயக்கும் வினையை அடங்க வைப்பது உபசமம். தெளிந்த நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவதைப் போல அதை வேரோடு நீக்குவது க்ஷயம். உயிர் தூய்மையில் ஏறிச் செல்லும் 14 குணஸ்தானப் படிகளில் 11ஆம் படிக்கு ஏறியவரிடம் ஆசையின் அலையே தெரியாது. ஆனால் அவர் அடக்கியவரே தவிர நீக்கியவர் அல்லர். ஆகவே ஒரு முகூர்த்தத்துக்குள் அந்தப் படியிலிருந்து இறங்கியே ஆக வேண்டும். நீக்கிக்கொண்டே ஏறுபவர் 10ஆம் படியிலிருந்து நேரே 12க்குப் போகிறார். அவருக்கு வீழ்ச்சி இல்லை.

கௌதமர் மகாவீரரின் தலைமைச் சீடர். குருவின் மேல் கொண்ட பற்றே அவருக்கு முழுதறிவு வாய்க்காமல் தடுத்தது என்றும், மகாவீரர் பாவாபுரியில் வீடுபெற்ற நாளில் அந்தப் பற்று அறுந்து அதைப் பெற்றார் என்றும் சமணத்தின் மற்றொரு பிரிவான சுவேதாம்பர மரபு விரித்துச் சொல்கிறது. நல்ல பற்றும் ஈரம்தான். புண்ணியமும் வினையே என்று சமணம் கண்டிப்பாகச் சொல்வதன் பொருள் இதுவே.

மயக்கும் வினை போனபின், அறிவை மறைப்பது, காட்சியை மறைப்பது, இடையூறு செய்வது ஆகிய மூன்றும் உடனே விழுகின்றன. ஆனால் ஆயுள், உடலமைப்பு, குலம், இன்பதுன்ப உணர்வு ஆகியவற்றைத் தரும் நான்கு வினைகள் மீதமிருக்கும். அதனால்தான் 42ஆம் வயதில் முழுதறிவு பெற்ற மகாவீரர் மேலும் 30 ஆண்டுகள் உடலோடு வாழ்ந்தார். அப்போதும் நடப்பதாலும் பேசுவதாலும் வினை வரும்; ஈரம் இல்லாததால் ஒரு கணமே தங்கி உதிர்ந்துவிடும்.

இறுதியில், ஆயுள் முடியப்போகும்போது மற்ற மூன்று வினைகளின் காலம் அதைவிட நீண்டிருந்தால், உயிர் தன்னை நான்கு கணங்களில் உலகளவு விரித்து, அடுத்த நான்கில் சுருக்கிக்கொள்கிறது. சுருட்டிய ஈரத்துணியைவிட விரித்த துணி விரைவில் உலர்வது போல, அந்த வினைகள் ஆயுளுக்குச் சமமாகக் குறைகின்றன. பிறகு அசைவு அனைத்தும் நிற்கின்றன. ஐந்து குற்றெழுத்துகளைச் சொல்லும் நேரமே 14ஆம் படி.

அதன்பின் உயிர் மேலே போகிறது. மண் பூசி நீரில் அமிழ்த்திய சுரைக்காய், மண் கரைந்ததும் மிதந்தெழுவதை இதற்கு உவமையாகச் சொல்வார்கள். உயிருக்குத் தன்னளவில் எடை கிடையாது. மேலெழுவது அதன் இயல்பு, கீழே இழுத்தது பூச்சு மட்டுமே. உலகின் உச்சியில் அது நிற்கிறது, ஏனெனில் இயக்கத்துக்குத் துணையான தர்மத் திரவியம் அதற்கப்பால் இல்லை. அங்கும் அது வேறு எதிலும் கரைவதில்லை. கடைசி உடலைவிடச் சற்றே குறைந்த அளவில், தனி உயிராகவே இருக்கிறது.