முப்பத்திரண்டு வெள்ளி மாத்திரையும் எட்டு வெள்ளி மாத்திரையும்

கேள்வி: அப்பாவின் கொலஸ்டிரால் மாத்திரையை எங்கள் வீவக பேட்டையில் உள்ள சின்ன மருந்துக்கடையில் வாங்குகிறேன். பிராண்டு மாத்திரை 32 வெள்ளி. ஜெனரிக் 8 வெள்ளிதானாம், கடைக்காரரே அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். சென்னையில் என்றால் அட்டையிலேயே உச்ச விலை அச்சிட்டிருக்கும். இங்கே எதுவும் இல்லை. இஷ்டத்துக்கு விலை போடலாமா? விலை குறைந்ததை விற்றால் அவருக்கு என்ன லாபம்?
— யீஷூன் வாசகி

பதில்: சிங்கப்பூரில் மருந்துக்கு உச்ச விலை என்று சட்டம் எதுவும் வைக்கவில்லை. எந்த மருந்து விற்கலாம், யார் விற்கலாம் என்பதைத்தான் சுகாதார அறிவியல் ஆணையம் பார்த்துக்கொள்கிறது, விலையைக் கடைக்காரர் தானே போடுகிறார். அதற்காகக் கட்டுப்பாடே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இல்லாத பழைய விலையைக் காட்டி 'தள்ளுபடி' என்று எழுதினால் அது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். பக்கத்துக் கடைக்காரரோடு பேசிவைத்து ஒரே விலை போட்டால் போட்டித்தன்மைச் சட்டத்தில் மாட்டும். பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாத கடை அந்த வரியைத் தனியாக வசூலிக்கவே கூடாது. ரசீதில் அந்த வரியைத் தனியாகப் போட்டிருந்து, பதிவு எண் இல்லையென்றால் கேளுங்கள்.

சரி, லாபத்துக்கு வருவோம். நான் சில வருடங்கள் ஒரு சின்ன மருந்துக்கடையில் கணக்குப் பார்த்தவன், அதனால் அந்தக் கோணத்திலேயே சொல்கிறேன். நீங்கள் கொடுத்த விலையையே எடுத்துக்கொள்வோம், கொள்முதல் விலை மட்டும் விளக்கத்துக்காக நான் வைப்பது. பிராண்டு பெட்டி கடைக்கு 27 வெள்ளிக்கு வருகிறது, 32க்கு விற்கிறார், கையில் நிற்பது 5 வெள்ளி. ஜெனரிக் 4 வெள்ளிக்கு வந்து 8க்குப் போகிறது, நிற்பது 4 வெள்ளி. விழுக்காட்டில் பார்த்தால் ஒன்று 16க்குக் கீழே, இன்னொன்று 50, என்னடா கொள்ளை என்று தோன்றும். ஆனால் வாடகை விழுக்காட்டில் கட்டுவதில்லையே, வெள்ளியில்தானே கட்டுகிறோம்! அந்த வெள்ளிக் கணக்கில் பிராண்டுதான் ஒரு வெள்ளி அதிகம். அப்புறம் ஏன் ஜெனரிக்கை நீட்டுகிறார்?

முடங்கும் பணம்தான் காரணம். அலமாரியில் பத்துப் பெட்டி பிராண்டு வைக்க 270 வெள்ளி வேண்டும், ஜெனரிக்குக்கு 40 போதும். ஒரு பிராண்டு பெட்டி விற்காமல் காலாவதியாகி, சப்ளையரும் திரும்ப எடுக்கவில்லை என்றால் 27 வெள்ளி போச்சு, அதை ஈடுகட்ட ஆறு பெட்டி விற்க வேண்டும். ஜெனரிக் ஒன்று காலாவதியானால் அடுத்த ஒரு பெட்டியிலேயே சரியாகிவிடும். எங்கள் கடையில் மாதக் கடைசியில் முதலாளி பெருமூச்சு விட்டதெல்லாம் விலை உயர்ந்த பெட்டிகளின் தேதியைப் பார்த்துத்தான். போதாததற்கு ஜெனரிக் சப்ளையர்கள் பத்து வாங்கினால் இரண்டு இலவசம் என்பார்கள். அப்போது ஒரு பெட்டியின் அடக்கம் 3 வெள்ளி 33 காசுக்கு இறங்கிவிடும். பெரிய சங்கிலிக் கடைகள் மொத்தமாக வாங்குவதால் பிராண்டில் அவர்களுக்குக் கிடைக்கும் விலை சின்னக் கடைக்குக் கிடைக்காது, அங்கே போட்டி போட்டு ஜெயிக்கவும் முடியாது. இங்கே டாக்டர்களே கிளினிக்கில் மருந்து கொடுத்துவிடுவதால் சீட்டோடு கடைக்கு வருபவர்களும் குறைவு.

சென்னையோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் புரியும். அங்கே உச்சவரம்பு விலைக்குள் வரும் மருந்துகளுக்குச் சில்லறைக் கடையின் பங்கு 16 விழுக்காடு என்று கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். மலிவான மருந்தை விற்றால் கடைக்காரருக்குக் காசும் குறையும். இங்கே அப்படிக் கட்டு இல்லாததால் மலிவான மருந்திலும் அவர் உழைப்புக்குக் கூலி எடுக்க முடிகிறது, உங்களுக்கும் 24 வெள்ளி மிச்சம். இதில் இரண்டு பக்கமும் நஷ்டமில்லை என்பது என் கருத்து.

தரத்தைப் பற்றிய பயம் இருந்தால், ஆணையத்தில் பதிவாகும் ஜெனரிக் மாத்திரை மூல மருந்தைப் போலவே உடலில் சேர்கிறது என்று நிரூபிக்க வேண்டும். கொலஸ்டிரால் மாத்திரைக்கு இது போதும். வார்ஃபரின், வலிப்பு மாத்திரை போன்றவற்றை மட்டும் கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். சீட்டில் பிராண்டு பெயர் எழுதியிருந்தாலும் மாற்றும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே முறை.

பெட்டி விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஒன்றில் 28 இருக்கும், இன்னொன்றில் 30 இருக்கும், ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பேரம் பேசுவதென்றால் பிராண்டில் பேசாதீர்கள், அவரிடம் இடமே இல்லை. சீட்டு அனுமதித்தால் ஜெனரிக்கை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி, பெட்டிக்கு ஒரு வெள்ளி குறைக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் முதலாளியாக இருந்தால் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் குறைத்திருப்பார்.