பல் வலிக்கு எந்த மாத்திரை? மருந்தாளர் பதில்கள்

யீஷூன் வாசகர்: சனிக்கிழமை ராத்திரி கடைவாய்ப் பல் விண்விண் என்று தெறிக்குது. என் பல் மருத்துவரைத் திங்கள்தான் பார்க்க முடியும். பனடோல் ரெண்டு போட்டேன், அசையவே இல்லை. ஆஸ்பிரினை நுணுக்கி ஈறில் வைக்கச் சொல்றாங்க அம்மா. வைக்கலாமா அக்கா?

வைக்காதீங்க தம்பி. காரணத்தைக் கீழே சொல்கிறேன், முதலில் இந்த ராத்திரியைக் கவனிப்போம்.

பல் வலியில் பெரும்பாலும் பல்லுக்குள்ளே அழற்சி இருக்கும். பனடோலில் இருக்கும் பாராசிட்டமால் வலியைக் குறைக்கும், அழற்சியை அவ்வளவாகத் தொடாது. ஐபுபுரோஃபென் இரண்டையும் தொடும். அதனால் பல் வலிக்கு ஐபுபுரோஃபென் தனியாகவே நன்றாக வேலை செய்யும், பாராசிட்டமாலோடு சேர்ந்தால் இன்னும் நன்றாக. இரண்டும் வேறு வேறு வழியில் போகிற மருந்து, ஒரே வேளையில் சேர்த்துப் போடலாம்.

உங்களுக்கு வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இவற்றில் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், அதாவது ஒன்று அல்லது இரண்டு மாத்திரை. நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராம், அதாவது எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. ஐபுபுரோஃபென் ஒரு வேளைக்கு 200 முதல் 400 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளியில். மருத்துவர் சொல்லாமல் நாமாகப் போடும்போது ஒரு நாளைக்கு 1200-ஐத் தாண்டக் கூடாது.

இப்போது மணி ஒன்பது. பனடோல் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று எழுதவில்லை. ஒரு மணி நேரம்தான் ஆகிறது என்றால் இப்போது ஐபுபுரோஃபென் 400 மட்டும், கொஞ்சம் சோறோ ரொட்டியோ சாப்பிட்ட பிறகு. விடிகாலை ஐந்து மணிக்கு இரண்டும், மதியம் ஒரு மணிக்கு இரண்டும். நடுவில் தாங்க முடியவில்லை என்றால் பாராசிட்டமாலை மட்டும் இன்னொரு வேளை போட இடமிருக்கிறது. நேரத்தைக் கைபேசியில் குறித்து வையுங்கள். வலியில் தூக்கம் கெட்டவர்கள் எத்தனை போட்டோம் என்பதை மறந்துவிடுவார்கள்.

பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். சளி மாத்திரை, தசைவலி மாத்திரை பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். எட்டு மாத்திரை கணக்கில் அதுவும் சேரும்.

தேக்கா வாசகர்: ஆஸ்பிரினை ஈறில் வைத்தால் என்ன கெட்டுப்போகும்? எங்க அப்பா வைப்பார், அரை மணியில் வலி நின்றுவிடும். கண்ணால் பார்த்தது.

நீங்கள் பார்த்தது பொய்யில்லை ஐயா. ஆனால் அந்த மாத்திரை ஈறு வழியாக வேலை செய்யவில்லை. எச்சிலில் கரைந்து வயிற்றுக்குள் போனது, அங்கிருந்து ரத்தத்தில் கலந்து வலியைத் தணித்தது. அரை மணி ஆனதே அதற்குச் சாட்சி. தண்ணீரோடு விழுங்கியிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும், ஈறு புண்ணாகாமல்.

ஆஸ்பிரின் ஓர் அமிலம். ஈறின் தோல் மெல்லியது, ஈரமானது. மாத்திரையை ஒரே இடத்தில் ஒதுக்கி வைத்தால் அங்கே தோல் வெந்து வெளுக்கும். வெள்ளைப் படலம் உரியும்போது அடியில் சிவந்த புண், சூடான காப்பி பட்டாலே துடிக்கும். வலிக்கிற நரம்போ பல்லின் கெட்டிச் சுவருக்குள் இருக்கிறது. ஈறின் மேல் தடவுவது அதை எட்டாது.

பல் மருந்தகத்தில் உதவியாளராக இருக்கும் வாசகி: மாத்திரை வைத்த இடத்தில் அப்படியே வெள்ளையாக இருக்கும், பார்த்திருக்கிறேன். சீழ் என்று நினைத்துச் சுரண்டிவிட்டு வருவார்கள். அது ரத்தம் கசியும்.

சரியாகச் சொன்னீர்கள். சுரண்ட வேண்டாம். மாத்திரையை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் சின்னப் புண் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறும். ஆறவில்லை என்றால் பல் மருத்துவர் பார்க்க வேண்டும், வாயில் ஆறாத வெள்ளைத் திட்டு எல்லாம் ஆஸ்பிரினால் வந்ததல்ல.

தேக்கா வாசகர்: அப்படியென்றால் கிராம்பு எண்ணெய் மட்டும் எப்படி? அதுவும் எரியத்தானே செய்யுது. உங்களைப் போன்றவர்கள் அதை நல்லது என்பீர்கள்.

நான் எங்கே சொன்னேன்? கிராம்பில் இருக்கும் யூஜெனால் கொஞ்சம் மரத்துப்போகச் செய்யும், அது நிஜம். குழிவிழுந்த பல்லில் பஞ்சில் ஒரு சொட்டு வைத்தால் சிலருக்குச் சற்று நேரம் இதமாக இருக்கும். நீர்க்காத எண்ணெயை ஈறில் பூசினால் அதுவும் புண்ணாக்கும்.

தேக்கா வாசகர்: பாட்டிகள் எல்லாம் முட்டாள்களா?

இல்லை. பாட்டிகளுக்கு அடுத்த தெருவில் மருந்துக் கடை இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

புக்கிட் பாஞ்சாங் வாசகி: என் கணவர் இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் 100 சாப்பிடுகிறார். மேலே உறை இருக்கு, அது ஈறைச் சுடாது. பல் வலிக்கு அதையே கூட ரெண்டு போடலாமா? பல் பிடுங்கணும் என்றால் நிறுத்திவிடலாமா?

உறை விஷயம் பாதி சரி. அது வயிற்றைத் தாண்டிக் கரைவதற்காகச் செய்தது. முழுங்கும் வரைதான் அந்தக் காப்பு, வாயில் ஒதுக்கிக் கடித்தால் உள்ளே இருப்பது அதே அமிலம். 100 மில்லிகிராம் ரத்தம் உறையாமலிருக்கும் அளவு, வலிக்கான அளவு அல்ல. கூட ரெண்டு போட்டால் ரத்தக் கசிவுதான் கூடும்.

நிறுத்துவதை நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது. பிடுங்கப்போகும் மருத்துவரிடம் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள், இதய மருத்துவரைக் கேட்டு அவர் சொல்வார். பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. உங்கள் கணவர் தானாகக் கடைக்குப் போய் ஐபுபுரோஃபென் வாங்க வேண்டாம், அது இதயத்துக்கான ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கக்கூடும். ஈரலில் கோளாறு இல்லையென்றால் பாராசிட்டமால் மட்டும். பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

செங்காங் வாசகர்: பனடோல் எத்தனை போடலாம்?

முதல் பதில்.

பொங்கோல் வாசகர்: அக்கா, பல் வலிக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமல் எப்படி? போன வருஷம் ஊரிலிருந்து கொண்டுவந்தது மீதி இருக்கு.

அந்த மீதியைத் தொடாதீர்கள். ஆன்டிபயாட்டிக் வலி மாத்திரை அல்ல. வேர் சிகிச்சையோ பிடுங்குவதோ செய்தால்தான் காரணம் தீரும். காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் மருத்துவர் தருவார்.

தெம்பனிஸ் வாசகி: பல் வலியோடு ரெண்டு நாளாக நல்ல காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. எங்க புளோக் பக்கம் டெங்கி இருக்கு. ஐபுபுரோஃபென் போடவா?

வேண்டாம். டெங்கி இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக் கசிவை அதிகமாக்கும். இன்றே மருத்துவரிடம் போய் ரத்தம் எடுங்கள்.

ஜூரோங் வாசகர்: என் பையனுக்கு ஏழு வயது. ஆஸ்பிரினை கால் பங்கு...

வேண்டாம். 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் கிடையாது, ஈறிலும் வேண்டாம், வயிற்றிலும் வேண்டாம். அபூர்வமாக மூளையையும் ஈரலையும் தாக்கும் நோய் வரலாம். குழந்தை பாராசிட்டமால் திரவம், எடையைச் சொல்லி மருந்தாளரிடம் அளவு கேளுங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி வேறு, அதனால் இங்கே கரண்டிக் கணக்கு எழுத மாட்டேன். பெட்டியின்... சரி, உங்களுக்கே தெரியும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: நேற்று முதல் வலி, இன்று கன்னமும் தாடையும் வீங்கி வாய் பாதிதான் திறக்குது, எச்சில் முழுங்கவும் சிரமம். ஐபுபுரோஃபென் எத்தனை போட்டால் வீக்கம் இறங்கும்?

மாத்திரை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். திங்கள் வரை காத்திருக்கவும் வேண்டாம். அது தொற்று கழுத்துக்குப் பரவும் அறிகுறி. வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு இப்போதே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு திணறினால் 995. எந்த மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று அங்கே கேட்பார்கள், எழுதி எடுத்துப் போங்கள்.