அண்ணனிடம் எப்படிக் கேட்பது?

"பெரியப்பா மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்கும் ஆஃபர் வந்திருக்கிறது. 'நல்ல கம்பெனிதான், வா' என்கிறார். ஆபீஸ் சூழல், விசா, செலவு பற்றி வெளிப்படையாகக் கேட்டு எழுத நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்வாரோ?"

"கம்பெனி எப்படி?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும். அவர் அபிப்பிராயத்தைக் கேட்காமல், நடந்ததைக் கேளுங்கள். போன வாரம் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்? கடைசியாக லீவு கேட்டபோது மேனேஜர் என்ன சொன்னார்? இதற்கெல்லாம் மழுப்பலாகப் பதில் சொல்வது கஷ்டம். ஆபீஸ் மெயிலுக்கு எழுதிவிடாதீர்கள். அவரும் அந்தக் கம்பெனியின் விசாவில்தான் இருக்கிறார் என்றால், அங்கே மனம்விட்டு எழுத மாட்டார்.

விசா பகுதியைத்தான் நிதானமாக எழுத வேண்டும். "விசாவை கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்ற பேச்சுக்குப் பல அர்த்தம் உண்டு. கட்டணத்தை அவர்களே கட்டலாம். நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். இரண்டு வருஷத்துக்குள் விலகினால் திருப்பிக் கொடு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். வேலை போனால் எத்தனை நாள் அங்கே தங்கலாம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் அதிகபட்சம் 60 நாள்தான். அதற்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும்.

செலவு விஷயத்தில் அவர் சம்பளத்தைக் கேட்காதீர்கள், சங்கடப்படுவார். கைக்கு வரும் நூறில் வாடகைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் சொல்லிவிடுவார். அவர் தனியாக இருக்கிறாரா, வீட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அது தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"அண்ணா, கையெழுத்துப் போடும் முன் உங்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன். உங்கள் விசாக் கட்டணம் முழுவதையும் கம்பெனியே கட்டியதா? சீக்கிரம் விலகியவர்கள் யாராவது பணம் திருப்பிக் கட்டினார்களா? அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் யார் கட்டினார்கள்? உங்கள் டீமில் இந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர் விலகினார்கள், ஏன்? முதல் சம்பளம் வரும்வரை அட்வான்ஸ், வாடகை, சாமான் எல்லாம் சேர்த்து எத்தனை மாத வாடகை அளவு பணம் கையில் இருக்க வேண்டும்? சொல்ல முடியாததை விட்டுவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். அவர் எதை விட்டுவிட்டு எழுதுகிறார் என்று பாருங்கள். ஆஃபர் லெட்டரில் அந்த இடத்தை இன்னொருமுறை படியுங்கள். அப்புறம், ஆள் சேர்த்துவிட்டால் அவருக்கு போனஸ் கிடைக்கலாம். அதில் தப்பில்லை, மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

"போன் பண்ணு, பேசலாம்" என்று மட்டும் பதில் வந்தால், எழுத்தில் வைக்க விரும்பாத ஏதோ இருக்கலாம். அன்றைக்கே கூப்பிட்டுவிடுங்கள்.