மழை ஆண்டில் கடன் என்ன செய்யும்?

கேள்வி: ஈத்தாமொழிப் பக்கம் தேங்காய் நார் மில் போடுகிறேன். மொத்தம் 40 லட்சம் வேண்டும், என் கையில் 20 இருக்கிறது. மீதியை 12 சதவீத வட்டிக்கு வங்கியில் வாங்கட்டுமா, தம்பியைப் பங்குக்குச் சேர்க்கட்டுமா? வட்டி கட்டும் முன் ஆண்டுக்கு 6 லட்சம் லாபம் நிற்கும் என்று கணக்கு. கடன் வாங்கினால் லெவரேஜ் 1.67 என்கிறார் ஆடிட்டர். அது நல்லதா, கெட்டதா?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, அந்த எண்ணை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது. மில்லின் லாபம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஏற்ற இறக்கத்தை எத்தனை மடங்காக்கி உங்கள் கையில் தரும் என்பதைத்தான் அது சொல்கிறது. வட்டிக்கு முந்தைய லாபம் 6 லட்சம். வட்டி 2.4 லட்சம் போனால் மிச்சம் 3.6 லட்சம். ஆறை 3.6-ஆல் வகுத்தால் 1.67.

தம்பியும் 20 லட்சம் போட்டால் 40 லட்சத்துக்கு 6 லட்சம், ஆளுக்கு 15 சதவீதம். கடன் வாங்கினால் உங்கள் 20 லட்சத்துக்கு 3.6 லட்சம், அதாவது 18 சதவீதம். நார் விலை ஏறி லாபம் 8 லட்சமானால் தம்பியோடு 20 சதவீதம்தான், கடனோடு 28. மில் 15 சதவீதம் சம்பாதிக்கிறது, வங்கி 12 தான் கேட்கிறது. அந்த வித்தியாசம் முழுக்க உங்களுக்கு வருகிறது. இதைப் பார்த்துத்தான் பலரும் கடன் பக்கம் சாய்கிறார்கள்.

இப்போது மோசமான ஆண்டைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. களத்தில் விரித்த நாரை மதியம் அள்ளித் தார்ப்பாய்க்குள் போட்டு, மறுநாள் திரும்ப விரித்து, அது முடியும்முன் அடுத்த மழை வந்துவிடும். ஈரம் போகாத நாருக்கு விலை குறையும். நம் நாட்டு நாரைப் பெருமளவு வாங்குவது சீனா. அங்கே வாங்குவது குறைந்தால் இங்கே விலை விழும். இரண்டும் சேர்ந்து லாபம் பாதியாகி 3 லட்சத்தில் நின்றால்? தம்பியோடு என்றால் 7.5 சதவீதம் வரும். கடனோடு என்றால் வட்டி போக 60,000 ரூபாய், வெறும் 3 சதவீதம். மில் லாபம் 50 சதவீதம் இறங்கியது, உங்கள் லாபம் 83 சதவீதம் இறங்கிவிட்டது. 50-ஐ 1.67-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 83 வரும்.

ஆடிட்டர் சொன்ன 1.67 எப்போதும் 1.67 ஆக இருக்காது என்பதைக் கவனியுங்கள். அது 6 லட்சத்தில் நின்று எடுத்த அளவு. 3 லட்சத்தில் நின்று எடுத்தால் 3-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும், 5 வரும். அங்கிருந்து இன்னும் 20 சதவீதம் லாபம் குறைந்தாலே உங்கள் பங்கு பூஜ்யம். அதற்கும் கீழே போனால் வட்டியைக் கைமுதலிலிருந்துதான் கட்ட வேண்டும். வட்டியே ஏறவும் கூடும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. ரெப்போவோடு கட்டிய கடனில் அப்படி 2.5 சதவீதம் ஏறினால் ஆண்டுக்கு 50,000 கூடுதல். மோசமான ஆண்டில் மிஞ்சும் 60,000-இல் 10,000 தான் நிற்கும். கடன் மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்று முதலில் கேளுங்கள்.

எல்லைக்கோடு 4.8 லட்சம், அதாவது 40 லட்சத்துக்கு 12 சதவீதம். லாபம் அதற்கு மேலே நிற்கும் ஆண்டுகளில் கடன் உங்களுக்கு லாபம், கீழே போனால் தம்பியின் பணமே மேல்.

இந்த எண்ணுக்குள் வராத செலவு ஒன்று உண்டு: அசல். 5 ஆண்டுக் கடன் என்றால் ஆண்டுக்கு 4 லட்சம் அசல், முதல் ஆண்டில் வட்டியோடு சுமார் 6.4 லட்சம். 3 லட்சம் லாப ஆண்டில், லாபக் கணக்கில் கழித்தாலும் பணமாக வெளியே போகாத இயந்திரத் தேய்மானம் 2 லட்சம் என்று வைத்து அதைத் திரும்பச் சேர்த்தாலும் கையில் 5 லட்சம்தான். 1.4 லட்சம் துண்டு விழும். கணக்கில் லாபம் இருக்கும், தவணைத் தேதியில் பணம் இருக்காது. மில்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

என் யோசனை, தம்பி 10 லட்சம் போடட்டும், கடன் 10 லட்சம் வாங்குங்கள். வட்டி 1.2 லட்சம்தான். சாதாரண ஆண்டில் 16 சதவீதம், மோசமான ஆண்டிலும் 6 சதவீதம் நிற்கும். அந்த ஆண்டில் அசலும் வட்டியும் 3.2 லட்சம், கையில் 5 லட்சம். தவணை தடையில்லாமல் போகும். லெவரேஜ் 1.25. இப்படிச் செய்தால் தம்பிக்கு லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கூட்டுப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். அப்புறம் ஆடிட்டரிடம், 6 லட்சத்தில் போட்ட கணக்கையே 3 லட்சத்திலும் ஒருமுறை போட்டுத் தரச் சொல்லுங்கள்.